குழியா, குவியா? கைபேசிப் படமாக வந்த வினாத்தாளில் ஆடி, லென்சுக் கணக்குகள்

வினாத்தாளைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவதும், அதைத் திரையில் பார்த்தே கணக்குப் போடுவதும் இன்று வழக்கமாகிவிட்டது. மற்ற பாடங்களில் எழுத்து கொஞ்சம் மங்கினாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஒளியியலில் அது முடியாது. காரணம் தமிழிலேயே இருக்கிறது. 'குழி', 'குவி' என்ற இரு சொற்களுக்கும் இடையே இருப்பது ஓரெழுத்து வேறுபாடு. படம் மங்கினால் 'ழி'யும் 'வி'யும் ஒன்றுபோலவே தெரியும். அந்த ஓரெழுத்துதான் குவியத் தொலைவின் குறியை முடிவு செய்கிறது.

கார்ட்டீசியன் குறியீட்டு மரபில், அதாவது நம் பாடநூல்கள் பின்பற்றும் முறையில், குவி ஆடிக்கும் குவி லென்சுக்கும் f நேர்க்குறி. குழி ஆடிக்கும் குழி லென்சுக்கும் f எதிர்க்குறி. குவி என்றால் கூட்டல், குழி என்றால் கழித்தல் என்று நினைவில் வைத்தால் போதும். ஆனால் ஒளியை என்ன செய்கின்றன என்று பார்த்தால் சேர்க்கை மாறிவிடும். கதிர்களை ஒன்று சேர்ப்பவை குழி ஆடியும் குவி லென்சும். விரித்து அனுப்புபவை குவி ஆடியும் குழி லென்சும். குறியும் செயலும் இப்படி வெவ்வேறு ஜோடியாக இருப்பதால்தான் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புகிறார்கள். இரண்டையும் தனித்தனியே மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் செல்லுங்கள்.

முதல் படி: படத்தை வாசிப்பது

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு, சிறிய எழுத்துகளின் விளிம்பு கரைந்துவிடும். அனுப்பியவரிடம் அதே படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது வேறுபாடு தெரியும். தாளின் மடிப்பு வரி எழுத்தின் மேல் விழுந்திருந்தால் மறுபடி படம் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ்நாட்டின் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தாள்களில் கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் எழுத்து தெளிவாக இல்லையென்றால் ஆங்கில வரிக்குப் போங்கள். அங்கே அந்தச் சொல்லின் கடைசி எழுத்து 'எக்ஸ்' என்றால் குவி, 'ஈ' என்றால் குழி. சொல்லின் நடுப்பகுதி மங்கியிருந்தாலும் கடைசி எழுத்து பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதுவும் தெரியவில்லையென்றால் கேள்வியின் மற்ற சொற்கள் உதவும். பிம்பத்தைத் திரையில் பிடிக்க வேண்டும் என்றோ, மெய் பிம்பம் என்றோ, தலைகீழ் என்றோ, பெரிதாக்கப்பட்டது என்றோ ஒரு சொல் இருந்தால் அது குழி ஆடி அல்லது குவி லென்சு. முன்னால் வைத்த பொருளுக்கு மற்ற இரண்டும் மெய் பிம்பமும் தராது, பெரிய பிம்பமும் தராது. நேரான, சிறிய பிம்பம் என்றால் குவி ஆடி அல்லது குழி லென்சு. வாகனத்தின் பக்கவாட்டுக் கண்ணாடி என்றால் குவி ஆடி. முகச்சவரக் கண்ணாடி, பல் மருத்துவரின் கண்ணாடி என்றால் குழி ஆடி. கிட்டப்பார்வைக்கான லென்சு என்றால் குழி லென்சு.

இந்தப் படியிலேயே ஒரு எச்சரிக்கை. படத்தில் தெரியும் சிறு கோடுகளைக் கழித்தல் குறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பொருளின் தொலைவு - 15 செ.மீ' என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கோடு பெரும்பாலும் வெறும் பிரிப்புக் கோடுதான். பல கேள்விகள் தொலைவுகளைக் குறியில்லாமலேயே தரும். குறி போடுவது மாணவரின் வேலை. அந்தக் குறியைத் தாளிலிருந்து எடுக்காமல், நீங்கள் வரையும் படத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: வினாத்தாளின் படத்தை விட்டுவிட்டு நீங்களே வரைவது

கேள்வியோடு கதிர்ப்படம் அச்சாகியிருந்தாலும் அதன்மேல் அளவுகோல் வைக்காதீர்கள். அச்சிட்ட படம் பெரும்பாலும் அளவுப்படி இருக்காது. சாய்வாகப் படம் எடுத்தால் தூரத்தில் இருக்கும் பகுதி இன்னும் சுருங்கிவிடும். முதன்மை அச்சின்மேல் F, C ஆகியவற்றின் இடைவெளி விகிதம் அதோடு கெட்டுவிடுகிறது.

அந்தப் படத்திலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது, வளைவு எந்தப் பக்கம் குழிந்திருக்கிறது என்பது. ஆடியின் பின்புறத்தில் போடும் சாய்கோடுகள் நிழலில் மறைந்துபோவது வழக்கம். அவை இல்லாவிட்டால் அதே வளைவு குழி ஆடியாகவும் இருக்கலாம், குவி ஆடியாகவும் இருக்கலாம். அப்போது பொருளின் அம்புக்குறியைப் பாருங்கள். வளைவின் உட்குழிந்த பக்கம் பொருளை நோக்கி இருந்தால் குழி ஆடி. புடைத்த பக்கம் பொருளை நோக்கி இருந்தால் குவி ஆடி. பொருள் வலப்பக்கம் வரையப்பட்டிருந்தால், உங்கள் படத்தில் அதை இடப்பக்கம் மாற்றி வரையுங்கள். ஒளி இடமிருந்து வலமாகச் செல்லும்படி வைத்தால் மட்டுமே கீழே சொல்லும் குறிகள் பொருந்தும்.

இப்போது ஒரு கணக்கை முழுமையாகப் போடுவோம். படத்தில் இப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'20 செ.மீ வளைவு ஆரம் கொண்ட கு□ ஆடியின் முன் 15 செ.மீ தொலைவில் 4 செ.மீ உயரமுள்ள பொருள் வைக்கப்படுகிறது. தெளிவான பிம்பம் கிடைக்கத் திரையை எங்கே வைக்க வேண்டும்? பிம்பத்தின் தன்மையையும் அளவையும் காண்க.'

எழுத்து தெரியவில்லை. ஆனால் 'திரை' என்ற சொல் இருக்கிறது. ஆகவே இது குழி ஆடி. வளைவு ஆரம் 20 என்றால் குவியத் தொலைவு அதில் பாதி, 10 செ.மீ. ஆரத்தையே குவியத் தொலைவாக எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. 'ஆரம்' என்ற சொல்லைக் கண்டவுடன் வட்டமிட்டுவிடுங்கள்.

வரைபடத்தாளில் கிடைமட்டமாக ஒரு கோடு. அது முதன்மை அச்சு. அதன் நடுவில் ஆடி மையம் P. இருபுறமும் இடம் விடுங்கள், ஏனென்றால் பிம்பம் எந்தப் பக்கம் விழும் என்று இன்னும் தெரியாது. கிடைமட்ட அளவு: தாளில் 1 செ.மீ என்பது கணக்கில் 5 செ.மீ. ஆகவே P-க்கு இடப்பக்கம் 2 செ.மீ-யில் F, 4 செ.மீ-யில் C, 3 செ.மீ-யில் பொருள். செங்குத்து அளவு: தாளில் 1 செ.மீ என்பது கணக்கில் 4 செ.மீ. பொருளின் உயரம் தாளில் 1 செ.மீ ஆகிறது. கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் வெவ்வேறு அளவு வைப்பதில் தவறில்லை. கோடுகள் சந்திக்கும் இடம் அதனால் மாறாது. கோணமானியால் மட்டும் எதையும் அளக்கக்கூடாது.

ஆடியைக் கவராயத்தால் வளைத்து வரையாதீர்கள். P வழியாகச் செங்குத்தாக ஒரு நேர்க்கோடு போடுங்கள், அதன் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மட்டும் ஆடி என்று காட்டச் சிறிதாக வளைத்துவிடுங்கள். ஆடிச் சமன்பாடு அச்சுக்கு மிக அருகில் செல்லும் கதிர்களுக்கு மட்டுமே சரியாக இருக்கும். கவராயத்தால் வரைந்த வளைவில் அச்சிலிருந்து விலகிய கதிர்களை F வழியாக இழுத்தால் அவை ஒரே புள்ளியில் சேராது. பலர் கவனமாக வரைந்தும் கணக்கின் விடையோடு படம் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான். நேர்க்கோட்டில் வரைந்தால் விடை அச்சாகப் பொருந்தும்.

முதல் கதிர்: பொருளின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாகச் சென்று ஆடியைத் தொடுகிறது. அங்கிருந்து திரும்பி F வழியாகச் செல்கிறது. இரண்டாம் கதிர்: நுனியிலிருந்து நேராக P-க்கு. அங்கே பட்டு, அச்சுக்கு மேலே எவ்வளவு சாய்வாக வந்ததோ அவ்வளவே சாய்வாக அச்சுக்குக் கீழே திரும்புகிறது. மூன்று கட்டம் போனால் ஒரு கட்டம் இறங்கும் சாய்வு இது. இரண்டையும் நீட்டுங்கள். P-க்கு இடப்பக்கம் 6 செ.மீ-யில், அச்சுக்குக் கீழே 2 செ.மீ-யில் சந்திக்கும். இரண்டு கதிர் போதும். சந்தேகமாக இருந்தால் C-யையும் பொருளின் நுனியையும் சேர்த்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அதுவும் அதே புள்ளி வழியாகத்தான் போகும்.

மூன்றாம் படி: குறி போடுவது

விதி எளிது. எல்லாத் தொலைவும் P-யிலிருந்து அளக்கப்படும். ஒளி செல்லும் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதிர்த்திசையில் அளந்தால் எதிர்க்குறி. அச்சுக்கு மேலே உயரம் நேர்க்குறி, கீழே எதிர்க்குறி. லென்சுக்கும் இதேதான், P-க்குப் பதில் ஒளியியல் மையம் O.

நீங்கள் வரைந்த படத்தைப் பாருங்கள். பொருள் இடப்பக்கம் இருக்கிறது. அதனால் u = −15. குவியமும் இடப்பக்கம். அதனால் f = −10. பொருள் மேல்நோக்கி இருக்கிறது. அதனால் h = +4. v? அதற்குக் குறி போடாதீர்கள். கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்கு முன்கூட்டியே குறி போட்டுவிட்டால், சமன்பாடு தரும் குறியோடு அது மோதி, இரண்டு கழித்தல் சேர்ந்து விடை தலைகீழாகிவிடும். கேள்வியிலேயே பிம்பத்தின் தொலைவைத் தந்திருந்தால் மட்டும் v-க்குக் குறி போட வேண்டும். மெய் பிம்பம் என்றால் ஆடியில் எதிர்க்குறி, லென்சில் நேர்க்குறி.

```
1/v + 1/u = 1/f
1/v = 1/f − 1/u
    = −1/10 + 1/15
    = (−3 + 2)/30 = −1/30
v = −30 செ.மீ

m = −v/u = −(−30)/(−15) = −2
h' = m × h = −2 × 4 = −8 செ.மீ
```

சமன்பாட்டை முதலில் எழுத்தில் மாற்றி எழுதி, பிறகு எண்ணைக் குறியோடு, அடைப்புக்குறிக்குள் வைத்து இடுங்கள். கடைசியில் 1/v-ஐக் கண்டுபிடித்துவிட்டு அதையே v என்று எழுதிவிடுவதும் நடக்கும். இங்கே 1/30 செ.மீ-யில் திரை வைக்க முடியாது என்பதை நினைத்துப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

விடை: ஆடிக்கு முன்னால் 30 செ.மீ-யில் திரை. மெய் பிம்பம், தலைகீழானது, 8 செ.மீ உயரம், பொருளைப் போல் இரு மடங்கு. படத்தில் 6 கட்டம் தள்ளி, 2 கட்டம் கீழே என்று வந்தது. கட்டத்துக்கு 5 செ.மீ, 4 செ.மீ என்று பெருக்கினால் 30, 8. இரண்டும் பொருந்துகின்றன.

அதே கணக்கு தவறினால் எப்படித் தவறும்

அந்த எழுத்தைக் 'குவி' என்று வாசித்திருந்தால் f = +10 ஆகியிருக்கும். 1/v = 1/10 + 1/15 = 1/6, அதாவது v = +6 செ.மீ. உருப்பெருக்கம் +0.4, உயரம் 1.6 செ.மீ. குவி ஆடிக்கு இது மிகச் சரியான விடை, ஆடிக்குப் பின்னால் நேரான சிறிய மாய பிம்பம். அதனால் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் பிழை அகப்படாது. 'திரை எங்கே?' என்ற கேள்விக்கு ஆடிக்குப் பின்னால் என்று பதில் வருவதுதான் ஒரே அடையாளம்.

எழுத்தைச் சரியாக வாசித்து, u-க்கு மட்டும் குறி போட்டுவிட்டு f-க்கு மறந்தாலும் இதே +6 தான் வரும். ஆகவே குழி ஆடிக் கணக்கில் நேரான சிறிய பிம்பம் வந்தால், f-இன் குறியை முதலில் பாருங்கள்.

இன்னொன்று விந்தையானது. எதற்குமே குறி போடாமல் u = 15, f = 10 என்று இட்டால் v = 30 என்று எண் சரியாகவே வந்துவிடும். அது தற்செயல் அல்ல. மெய்யானவை எல்லாம் நேர்க்குறி என்ற பழைய மரபு ஒன்று உண்டு. அதில் ஆடிக்கும் லென்சுக்கும் ஒரே சமன்பாடு, இரண்டிலும் கூட்டல்தான். குறி போடாத மாணவர் தன்னையறியாமல் அந்த மரபில் கணக்குப் போடுகிறார். குழி ஆடியில் சரியான எண் கிடைத்ததால் குறி தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார். லென்சுக்கு வந்ததும் அந்தப் பழக்கம் கவிழ்த்துவிடுகிறது.

லென்சில் மாறுவது

படம் வரையும் முறை அதேதான். O வழியாகச் செங்குத்துக் கோடு, நுனிகளில் அம்புக்குறி. இணைகதிர் குவி லென்சில் விலகி வலப்பக்க F வழியாகச் செல்லும். O வழியாகச் செல்லும் கதிர் நேராகவே போகும். சமன்பாடுகளில் குறி மாறுகிறது:

```
ஆடி:    1/v + 1/u = 1/f     m = −v/u
லென்சு: 1/v − 1/u = 1/f     m = v/u
```

குவியத் தொலைவு 20 செ.மீ உள்ள குவி லென்சின் முன் 12 செ.மீ-யில் பொருள். u = −12, f = +20.

```
1/v = 1/f + 1/u
    = 1/20 − 1/12
    = (3 − 5)/60 = −1/30
v = −30 செ.மீ
m = −30/−12 = +2.5
```

பொருள் இருக்கும் பக்கத்திலேயே, நேரான, இரண்டரை மடங்கு பெரிய மாய பிம்பம். பொருள் F-க்கும் O-க்கும் நடுவில் இருக்கிறது, பூதக்கண்ணாடி வேலை செய்வது இப்படித்தான். படத்தில் இரு கதிர்களும் வலப்பக்கம் விரிந்தே போகும், சந்திக்காது. அவற்றை இடப்பக்கம் புள்ளிக்கோடாகப் பின்னோக்கி நீட்டினால்தான் சேரும். புள்ளிக்கோடு போட வேண்டி வந்தாலே அது மாய பிம்பம்.

இங்கே u-க்குக் குறி போடாமல் விட்டால் 1/20 + 1/12, அதாவது v = 7.5 என்று வரும். குறியைச் சரியாகப் போட்டு, ஆடிச் சமன்பாட்டைப் பயன்படுத்தினாலும் அதே 7.5 தான். இரண்டு வெவ்வேறு பிழைகள் ஒரே விடையில் வந்து நிற்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்னால் வைத்த பொருளுக்குக் குவி லென்சு தரும் மெய் பிம்பம் எப்போதும் குவியத்துக்கு அப்பால்தான் விழும். v நேர்க்குறியாக வந்து f-ஐ விடச் சிறியதாக இருந்தால் கணக்கு தவறு. 7.5 என்பது 20-ஐ விடச் சிறியது, அந்த ஒரு ஒப்பீடு போதும்.

புள்ளியும் கோடும் மறையும் இடம்

லென்சின் திறன் பற்றிய கேள்விகளில் படம் அதிகம் ஏமாற்றும். '−2.5 டயாப்டர்' என்பதில் கோடு மறைந்தால் லென்சின் வகையே மாறிவிடும். புள்ளி மறைந்தால் 25 ஆகிவிடும். P = 1/f, f மீட்டரில். −2.5 என்றால் f = −0.4 மீட்டர், அதாவது −40 செ.மீ, குழி லென்சு. 25 என்றால் வெறும் 4 செ.மீ. மூக்குக்கண்ணாடி பற்றிய கேள்வியில் 4 செ.மீ குவியத் தொலைவு வந்தால் புள்ளியைத் தேடுங்கள். கிட்டப்பார்வை உள்ளவரால் 40 செ.மீ வரைதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது என்று கேள்வி சொன்னால், குறியும் எண்ணும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன.

15-ஆ 16-ஆ என்று எண்ணே தெரியாவிட்டால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன குழி ஆடியில் 15 என்றால் v = −30, 16 என்றால் −26.67. தேர்வுக் கணக்குகள் பெரும்பாலும் முழு எண்ணில் முடியும்படி அமைக்கப்படுவதால் 15 என்று ஊகிக்கலாம். ஆனால் அது ஊகம்தான், வேறு தடயம் எதுவும் இல்லையென்றால் தாளை வைத்திருப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேட்க முடியாத நிலையில், விடையின் முதல் வரியில் நீங்கள் வாசித்ததை எழுதுங்கள்: 'குழி ஆடி, R = 20 செ.மீ, u = −15 செ.மீ எனக் கொண்டு.' உங்கள் விடையைப் பார்ப்பவர் கையில் தெளிவான தாள் இருந்தால், எழுத்தை வாசித்ததில் பிழையா கணக்கில் பிழையா என்று அந்த வரியிலிருந்தே சொல்லிவிடுவார்.